விலை ஏன் மாறியது என்று எழுதி வையுங்கள்
மரச்செக்கு எண்ணெயை நேரடியாக விற்கும் தொழில்முனைவோருக்கு ஒரு திறந்த மடல்



எள்ளும் கடலையும் வாங்கி, மரச்செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து, இடைத்தரகர் இல்லாமல் வீடுகளுக்கு அனுப்புகிறீர்கள். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பிலும் உங்கள் இணையதளத்திலும் வருகின்றன. ஒவ்வொரு ஆர்டருக்கும் தேதி, அளவு, தொகை பதிவாகிவிடுகிறது. உங்களைப் போன்ற சிலருக்கு அந்தப் பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இரண்டு வருஷத்தில் நாலைந்து தடவை விலையை மாற்றியிருக்கிறோம். பழைய ஆர்டரை வைத்தே, இன்னும் இருபது ரூபாய் ஏற்றினால் எவ்வளவு விற்பனை குறையும் என்று சொல்ல முடியுமா?”

முடியும். ஆனால் ஆர்டர் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் விலை ஏன் மாறியது என்ற காரணமும் வேண்டும். அது இல்லாமல் போடும் கணக்கு தவறான விடையைத் தரும், அதுவும் நம்பத் தகுந்த எண்ணின் உருவில் தரும். அதைத்தான் இந்த மடலில் ஒரு கணக்கைப் போட்டே காட்ட விரும்புகிறேன்.

முதலில் நாம் தேடும் எண் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம். பொருளியல் பாடத்தில் இதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் தம் பொருளியல் நூலில் இதை வரையறுத்து நிலைநிறுத்தினார். விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதே அது. விலை ஏறினால் அளவு குறையும் என்பதால் எண் பொதுவாக எதிர்மறையாக இருக்கும். −1 என்றால் விலை எவ்வளவு சதவீதம் ஏறியதோ ஏறக்குறைய அவ்வளவு சதவீதம் விற்பனை குறைந்தது, மொத்த வசூல் அப்படியே நின்றது என்று பொருள். −3 என்றால் வாடிக்கையாளர் விலையை மிகவும் பார்க்கிறார். −0.3 என்றால் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

எக்செல்லில் B பத்தியில் விலை, C பத்தியில் வாரச் சராசரி விற்பனை என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் வரியில் பழைய நிலவரம், மூன்றாம் வரியில் புதிய நிலவரம். சூத்திரம் இவ்வளவுதான்:

```
=LN(C3/C2)/LN(B3/B2)
```

சாதாரண சதவீதத்துக்குப் பதிலாக LN என்னும் மடக்கையைப் போடுவதற்குக் காரணம் உண்டு. 380இலிருந்து 420க்கு ஏறுவது 10.5 சதவீதம், 420இலிருந்து 380க்கு இறங்குவது 9.5 சதவீதம். ஒரே தூரத்துக்கு இரண்டு எண். மடக்கையில் இரண்டுக்கும் ஒரே அளவுதான் வரும்.

சூத்திரம் எளிது. சிக்கல் அதில் எந்த எண்களைப் போடுவது என்பதில் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள். ஆனால் நான் பார்த்த கணக்குகளின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

தொடக்கத்தில் விலை 380 ரூபாய், வாரம் சராசரி 120 பாட்டில். எள் கொள்முதல் விலை ஏறியதால் 420 ஆக்குகிறீர்கள். விற்பனை 108இல் நிலைக்கிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம் ஆஃபராக மறுபடி 380. வாரம் 260 பாட்டில் போகிறது. பிறகு பழையபடி 420. புது எள் வரத்து வந்து கொள்முதல் இறங்கியதும் 395 ஆகக் குறைக்கிறீர்கள், விற்பனை 116. பின்னர் எள், பாட்டில், கூரியர் மூன்றும் ஏற, விலை 440, விற்பனை 107. கடைசியாக, யாரோ ஒருவர் உங்கள் செக்கைப் படம் பிடித்துப் போட்ட வீடியோ பரவி ஆர்டர் குவிகிறது. கையில் ஸ்டாக் குறைவு. ஆகவே விலையை 470 ஆக்குகிறீர்கள். அப்படியும் வாரம் 125 பாட்டில் போகிறது.

இப்போது காரணம் எதையும் பார்க்காமல் சூத்திரத்தில் போடுங்கள். 420இலிருந்து தீபாவளி 380க்கு இறங்கியபோது 108 பாட்டில் 260 ஆனது. விடை −8.8. விலையைப் பத்து சதவீதம் குறைத்தால் விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்கிறது இந்த எண். அடுத்து 440இலிருந்து 470க்கு ஏறியபோது 107 பாட்டில் 125 ஆனது. விடை +2.4. விலையை ஏற்றினால் இன்னும் அதிகம் வாங்குவார்கள் என்கிறது இந்த எண். இரண்டும் ஒரே எண்ணெயைப் பற்றி, ஒரே கடையின் பதிவிலிருந்து வந்தவை. எல்லா வாரங்களையும் ஒன்றாகக் கொட்டி எக்செல்லில் ஒரு கோடு போட்டால், இந்த இரண்டு பொய்யும் மற்ற உண்மைகளும் கலந்து ஏதோ ஓர் எண் வரும். அது பார்க்க நியாயமாக இருந்தாலும் கலவைதான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எண்ணெய்க் கணக்கை வைத்தே எழுதினார். 1927இல் எல்மர் ஒர்க்கிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரையில், சந்தையில் பதிவாகும் விலையையும் அளவையும் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டால் அது வாங்குபவரின் தேவையைத்தான் காட்டுகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். வாங்குபவரின் விருப்பம் மாறாமல் விற்பவரின் செலவு மட்டும் மாறியிருந்தால், புள்ளிகள் தேவைக் கோட்டின் மேல் நகரும். வாங்குபவரின் விருப்பமே மாறி, அதைப் பார்த்து விற்பவர் விலையை மாற்றியிருந்தால், புள்ளிகள் காட்டுவது விற்பவரின் போக்கை. வீடியோ பரவிய வாரங்களில் நடந்தது இந்த இரண்டாவதுதான். அந்த +2.4 வாடிக்கையாளரின் குணம் அல்ல. கூட்டத்தைப் பார்த்து நீங்கள் விலை ஏற்றியதன் பதிவு.

அடுத்த ஆண்டு, 1928இல், ஃபிலிப் ரைட் விலங்கு, தாவர எண்ணெய்களின் மீதான இறக்குமதி வரி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் இதற்கான வழி இருக்கிறது. வாங்குபவரின் விருப்பத்தைத் தொடாமல், விற்பவர் பக்கத்தை மட்டும் அசைக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடி. அந்தக் காரணத்தால் விலை எவ்வளவு நகர்ந்தது, அளவு எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் பார் என்பதே அந்த வழி. எண்ணெய் எடுக்கும் ஆளிவிதைக்கு அவர் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று ஏக்கர் விளைச்சல். மழை குறைந்து விளைச்சல் படுத்தால் விலை ஏறும். ஆனால் வாங்குபவரின் தேவை வயலில் பெய்யும் மழையைப் பார்த்து மாறுவதில்லை. இன்று பொருளியல் முழுவதும் பயன்படும் ஒரு பெரிய முறை அந்தப் பின்னிணைப்பிலிருந்து தொடங்கியது.

உங்களுக்கு இதில் கணிதம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் எதிரே காரணத்தை எழுதி, இரண்டு குவியலாகப் பிரித்தால் போதும். எள் விலை, பாட்டில் விலை, கூரியர் கட்டணம், கூலி இவற்றால் மாறியவை முதல் குவியல். பண்டிகை, கூட்டம், ஸ்டாக் தேக்கம், விற்பனை மந்தம் இவற்றைப் பார்த்து மாற்றியவை இரண்டாம் குவியல். முதல் குவியலை மட்டுமே நேரடியாகக் கணக்கில் எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 380லிருந்து 420, 420லிருந்து 395, 395லிருந்து 440 என்று மூன்று மாற்றங்கள் முதல் குவியலில் விழுகின்றன. அவற்றின் விடைகள் முறையே −1.05, −1.16, −0.75. மூன்றும் ஒரே வட்டாரத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

பிரித்த பிறகும் ஓர் இடத்தில் பலர் தவறுகிறார்கள். எந்த வாரங்களை “முன்”, எந்த வாரங்களை “பின்” என்று எடுப்பது?

நம் ஊரில் விலை ஏறப்போகிறது என்றால் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். “வரும் திங்கள் முதல் நல்லெண்ணெய் லிட்டர் 420 ரூபாய்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. நல்லெண்ணெய் சில மாதம் கெடாமல் இருக்கும். ஆகவே அடுத்த மாதம் வாங்க வேண்டியவர்கள் இந்த வாரமே வாங்கி வைக்கிறார்கள். முதல் ஏற்றத்தின்போது முன்னிருந்த மூன்று வாரமும் 120 பாட்டில் போய், கடைசி வாரம் 170 போனது என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறிய முதல் வாரம் 66, அடுத்த வாரம் 100, பிறகு 108, 108. முன் நான்கு வாரச் சராசரி 132.5, பின் நான்கு வாரச் சராசரி 95.5. சூத்திரம் −3.3 என்கிறது. உண்மையில் நடந்தது என்ன? ஐம்பது பாட்டில் விலை ஏற்றத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டியது. ஒரு வாடிக்கையாளர் கூட அதனால் போகவில்லை. செய்தி அனுப்பிய வாரத்தையும் ஏற்றத்துக்குப் பின் சரிந்து கிடந்த வாரங்களையும் விட்டுவிட்டு, நிலைத்த வாரங்களை மட்டும் ஒப்பிட்டால்தான் −1.05 வரும்.

எத்தனை வாரத்தை விடுவது என்பதற்கு உங்கள் பதிவே பதில் சொல்லும். ஒரே வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வாங்குகிறார் என்று பாருங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால், ஏற்றத்துக்குப் பின் குறைந்தது ஒரு சுற்று, அதாவது ஆறு வாரம், முடிந்த பிறகுதான் விற்பனை நிலைத்துவிட்டது என்று நம்பலாம்.

இந்தக் கண்ணோடு தீபாவளியைத் திரும்பிப் பாருங்கள். இரண்டாம் குவியலில் போட்டோம். ஆனால் அதிலும் பயன் உண்டு, சரியான ஒப்பீடு கிடைத்தால். ஆஃபர் இல்லாமலே தீபாவளிக்கு நல்லெண்ணெய் அதிகம் போகும். எண்ணெய்க் குளியல் இல்லாத தீபாவளி நம்மிடம் இல்லை. முந்தைய ஆண்டு ஆஃபர் கொடுக்காத தீபாவளியில், சாதாரண வாரம் 120 போன காலத்தில், 220 போயிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் 108க்கு 198 போயிருக்க வேண்டும். போனது 260. ஆகவே ஆஃபர் கொண்டுவந்தது வாரம் 62 பாட்டில்தான், 152 அல்ல. −8.8 இப்போது −2.7 ஆகிவிட்டது.

இன்னும் முடியவில்லை. தீபாவளிக்குப் பின் விலை 420க்குத் திரும்பியதும் முதல் வாரம் 60, அடுத்த வாரம் 85, பிறகு 108. ஆஃபர் இல்லாத ஆண்டில் இந்தச் சரிவு இல்லை என்றால், இரண்டு வாரத்தில் குறைந்த இந்த 71 பாட்டிலும் பின்னால் வர வேண்டிய விற்பனை ஆஃபர் விலைக்கு முன்னால் போனதுதான். இரண்டு வாரத்தில் ஆஃபர் கொண்டுவந்த 124இல் 71 போனால் மிச்சம் 53, வாரத்துக்கு இருபத்தாறு சொச்சம். விடை −1.26. செலவு காரணமாக நடந்த மாற்றங்கள் சொன்ன விடைகளுக்கு மிக அருகில் வந்துவிட்டது. இரண்டு வெவ்வேறு வழியில் போய் ஒரே வட்டாரத்துக்கு வருவதுதான் கணக்குச் சரியான திசையில் போகிறது என்பதற்கு அடையாளம். வழிகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு காரணத்தை இன்னும் பிரிக்கவில்லை என்று பொருள்.

ஸ்டாக் இல்லாத நாட்களையும் கவனியுங்கள். பாட்டில் தீர்ந்து ஆர்டரை நிறுத்திய வாரத்தில் 40 பாட்டில்தான் பதிவாகியிருக்கும். அது தேவை அல்ல, உங்கள் கையிருப்பு. அந்த வாரங்களை எடுத்துவிட வேண்டும். அதேபோல ஒரு லிட்டர் விலையை மட்டும் ஏற்றி அரை லிட்டரையும் ஐந்து லிட்டர் டின்னையும் அப்படியே விட்டிருந்தால், ஒரு லிட்டரை விட்டவர்கள் உங்களிடமே வேறு அளவுக்கு மாறியிருப்பார்கள். அப்போது பாட்டிலை எண்ணாமல் மொத்த லிட்டரை எண்ணுங்கள்.

அடுத்து, இந்த எண்ணை எவ்வளவு நம்புவது? இங்கேதான் பெரிய பதிவு வைத்திருப்பவர்களும் ஏமாறுகிறார்கள். “எங்களிடம் பத்தாயிரம் ஆர்டர் இருக்கிறது” என்பார்கள். பத்தாயிரம் ஆர்டர் இருக்கலாம். ஆனால் விலை மாறியது மூன்று முறைதான். விலை பற்றி அந்தப் பதிவுக்குத் தெரிந்தது அந்த மூன்று திருப்பங்கள் மட்டுமே. ஒரே விலையில் ஓடிய ஆயிரம் ஆர்டர், அந்த விலையில் எவ்வளவு போகும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். விலை மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

கணக்காகவே பார்ப்போம். விலை மாறாத காலத்திலும் வார விற்பனை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம், புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பது, வாரத்துக்குப் பத்து பாட்டில் என்று கொள்வோம். முதல் ஏற்றத்துக்கு முன் எட்டு வாரம், பின் எட்டு வாரம் நல்ல வாரங்களாக எடுத்தால், இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தில் ஐந்து பாட்டில் அளவு பிழை இருக்கும். அது விற்பனையில் 4.4 சதவீதம். விலை மாற்றமே பத்து சதவீதம் என்பதால், நெகிழ்ச்சியில் பிழை 0.44. வழக்கப்படி இருமடங்கு வைத்தால், −1.05 என்று நாம் சொன்ன எண் உண்மையில் −0.2இலிருந்து −1.9 வரை எங்கும் இருக்கலாம். விலையை ஐந்து சதவீதம் மட்டும் மாற்றியிருந்தால் இந்த இடைவெளி இரண்டு மடங்காகியிருக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் மாற்றங்களிலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

மூன்று மாற்றங்களையும் சேர்த்தால் நிலைமை தேறும். சேர்க்கும்போது பெரிய மாற்றத்துக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் பிழையின் பங்கு குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் LN விலை வித்தியாசத்தையும் LN விற்பனை வித்தியாசத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். விலை வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி அதால் வகுங்கள். நம் மூன்று மாற்றங்களுக்கு −0.93 வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தனித்தனியாக எட்டு வாரம் இருந்தால், உண்மை ஏறக்குறைய −0.4க்கும் −1.5க்கும் நடுவே இருக்கும் என்று சொல்லலாம். இரண்டு ஆண்டுப் பதிவிலிருந்து நேர்மையாகக் கிடைப்பது இவ்வளவுதான். −0.93 என்று இரண்டு தசமம் வரை எழுதிவைத்துவிட்டு, பக்கத்தில் இந்த இடைவெளியை எழுதாமல் விடாதீர்கள்.

“இவ்வளவு அகலமான விடையை வைத்து என்ன செய்வது?” என்று தோன்றும். முடிவு எடுக்க இது பெரும்பாலும் போதும். எண்ணெய், பாட்டில், பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டிலுக்கு நேரடிச் செலவு 330 ரூபாய் என்று கொள்வோம். 440க்கு விற்றால் பாட்டிலுக்கு 110 மிச்சம். வாரம் 107 பாட்டிலுக்கு 11,770 ரூபாய். 460 ஆக்கினால் பாட்டிலுக்கு 130 மிச்சம். அதே 11,770 கிடைக்க 90.5 பாட்டில் போதும். அதாவது விற்பனை பதினைந்து சதவீதம் விழுந்தால்தான் நஷ்டம் தொடங்கும். அந்த அளவு விழ நெகிழ்ச்சி −3.8 ஆக இருக்க வேண்டும். நம் இடைவெளியின் மோசமான முனை −1.5. அந்த முனையிலும் நூறு பாட்டில் போகும், சுமார் 13,000 ரூபாய் மிஞ்சும். ஆகவே விலை ஏற்றம் தாங்கும்.

விலையைக் குறைப்பதை இதே வழியில் பாருங்கள். 420 ஆக்கினால் பாட்டிலுக்கு 90 மிச்சம். அதே லாபத்துக்கு 131 பாட்டில் போக வேண்டும், 22 சதவீதம் கூடுதல். அதற்கு நெகிழ்ச்சி −4.3 வேண்டும். நம் விடை அதன் பக்கத்திலேயே இல்லை. தீபாவளியின் −8.8ஐ நம்பி நிரந்தரமாக விலை குறைத்திருந்தால், விற்பனை சில பாட்டில் கூடி லாபம் குறைந்திருக்கும். காரணம் பிரிக்காத கணக்கின் விலை இதுதான்.

கடைசியாக ஓர் எல்லையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் மேலே உள்ள முடிவைச் செயல்படுத்தக் கூடாது. எள் விலை ஏறியபோது உங்களுக்கு மட்டும் ஏறவில்லை. பக்கத்து ஊர்ச் செக்குக்காரருக்கும் ஏறியது. அவரும் விலையை ஏற்றியிருப்பார். ஆகவே முதல் குவியலின் மாற்றங்கள் சொல்வது, எல்லாரும் ஏற்றும்போது உங்கள் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதை. நீங்கள் மட்டும் ஏற்றினால் அவர் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அந்த நெகிழ்ச்சி இதைவிடக் கடுமையாகத்தான் இருக்கும். −1.5க்கும் −3.8க்கும் இடையில் இடம் இருப்பதால் முயன்று பார்க்கலாம். ஆனால் அது முயற்சி, உறுதி அல்ல.

மற்ற எண்ணெயின் விலையும் இப்படிக் குறுக்கே வரும். 2024 செப்டம்பர் 14 முதல் ஒன்றிய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியைச் சுழியத்திலிருந்து 20 சதவீதமாகவும், சுத்திகரித்தவற்றுக்கு 12.5இலிருந்து 32.5 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்களுக்கான வரி 10 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் பதிவு இந்தக் காலத்தைத் தாண்டிப் போகிறதென்றால், இந்தத் தேதிகளுக்கு அருகில் நீங்கள் செய்த மாற்றத்தைத் தனியாக வையுங்கள். ரீஃபைண்ட் எண்ணெய் விலை ஏறிய மாதத்தில் நீங்களும் ஏற்றியிருந்தால், உங்களுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவாக மாறியிருக்காது. விற்பனை குறையாததை உங்கள் வாடிக்கையாளரின் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நண்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பழைய பதிவில் தேதியும் விலையும் இருக்கின்றன. காரணம் உங்கள் நினைவில் மட்டும் இருக்கிறது, அது மாதத்துக்கு மாதம் மங்கும். இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, இதுவரை செய்த ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் எதிரே நான்கு விவரம் எழுதுங்கள்: ஏன் மாற்றினீர்கள், வாடிக்கையாளருக்கு எந்தத் தேதியில் சொன்னீர்கள், அப்போது மற்ற செக்குகளிலும் ரீஃபைண்டிலும் விலை என்ன, ஸ்டாக் தீர்ந்த நாட்கள் எவை. இனி விலை மாற்றும்போதெல்லாம் அன்றே எழுதுங்கள். பண்டிகையும் கூட்டமும் இல்லாத ஒரு காலத்தில், மற்றவர் விலை அசையாதபோது, ஏழெட்டு சதவீதமாவது ஒருமுறை மாற்றி, இரண்டு மாதம் தொடாமல் விட்டுப் பாருங்கள். உங்களுக்கு மட்டுமே உரிய நெகிழ்ச்சியை அந்த ஒரு மாற்றம் சொல்லத் தொடங்கும். காரணம் எழுதப்பட்ட மூன்று விலை மாற்றங்கள், காரணம் தெரியாத முப்பது மாற்றங்களைவிட அதிகம் சொல்லும்.

அன்புடன்,
உங்கள் ஆர்டர் கணக்கைப் பார்ப்பவர்களில் ஒருவன்